தனுஷ்கோடிப் புயலை ஐந்து பேர் எழுதும்போது: வேலையைப் பிரிப்பதும் பங்கைப் பதிவதும்

முதல் கூட்டத்திலேயே குழு ஒரு முடிவுக்கு வந்துவிடும். இரண்டு பேர் தகவல் திரட்டுவது, இரண்டு பேர் எழுதுவது, ஒருவர் திருத்துவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ராமநாதபுரம் கடற்கரையில் வரலாற்று மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிற எனக்கு, இந்தப் பிரிவினை கடைசி வாரத்தில் எப்படி மனக்கசப்பாக முடிகிறது என்பது நன்றாகத் தெரியும். அதனால் ஒரே ஒரு குழுவின் வேலையை எடுத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். தலைப்பு 1964 தனுஷ்கோடிப் புயல். உறுப்பினர்கள் ஐந்து பேர். பெயருக்குப் பதிலாக அவர்களுடைய ஊரைச் சொல்லியே குறிப்பிடுகிறேன்: பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம்.

முதலில் மணியைக் கணக்கிடுங்கள்

வேலையைப் பிரிக்கும் முன் மொத்தம் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கக் கணக்கு இதற்கு உதவாது. ஒரு பக்கத்துக்குப் பின்னால் அரை மணி நேரமும் இருக்கலாம், இரண்டு நாளும் இருக்கலாம்.

இந்தக் குழுவின் திட்டம் இது: புயலைக் கண்ட நான்கு பேரிடம் தலா ஒரு மணி நேரப் பேட்டி, அன்றைய செய்தித்தாள்களும் நூல்களும், ஐந்து பகுதிகள் கொண்ட ஒரு அறிக்கை. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு பேட்டிக்கு இரண்டு பேர் போக வேண்டும், பயணத்தோடு அரைநாள். அதாவது ஒருவருக்கு நான்கு மணி. நான்கு பேட்டிக்கு 32 மணி. ஒரு மணி நேர ஒலிப்பதிவைக் கேட்டெழுத ஆறு மணி ஆகும், நான்குக்கு 24. எழுதியதை இன்னொருவர் ஒலிப்பதிவோடு வைத்துச் சரிபார்க்க இரண்டிரண்டு மணியாக 8. செய்தித்தாளும் நூலும் 24. வரைவு எழுத, பகுதிக்கு ஆறு மணி வீதம் 30. தகவல் சரிபார்ப்பு 10, மொழித் திருத்தம் 12, படம், அடிக்குறிப்பு, அனுமதிக் கடிதம், அச்சு எல்லாம் சேர்த்து 10. மொத்தம் 150 மணி. ஆளுக்கு 30.

இப்போது பழைய பிரிவினையை இந்தக் கணக்கில் பொருத்திப் பாருங்கள். தகவல் திரட்டும் இருவர் தலையில் 88 மணி விழுகிறது, ஆளுக்கு 44. எழுதும் இருவருக்கு ஆளுக்கு 15. திருத்துபவருக்கு 32. ஆனால் அறிக்கையைக் கையில் எடுப்பவர் கண்ணுக்கு எழுதியவர்கள்தான் தெரிவார்கள். 15 மணி உழைத்தவர் பெயர் முன்னால் வரும், 44 மணி உழைத்தவர் "தகவல் உதவி" ஆகிவிடுவார். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கணக்குப் போடாததால் வருகிற அநியாயம் இது.

கேட்டெழுதுவதற்கு ஏன் ஆறு மணி என்று கேட்பார்கள். தங்கச்சிமடத்து மாணவி முதல் ஒலிப்பதிவைக் கேட்டெழுத உட்கார்ந்தாள். வீட்டுத் திண்ணையில் எடுத்த பேட்டி. கடல் காற்று போன் மைக்கில் மோதி இரைகிறது, நடுவே ஒரு ஆட்டோ, சேவல், பெரியவரின் இருமல். "வத்தைய ஏத்தி வச்சிருந்தோம்" என்று அவர் படகைப் பற்றிச் சொன்ன ஒரு வரிக்காக நான்கு முறை பின்னால் போய்க் கேட்க வேண்டியிருந்தது. தட்டச்சு வேகம் எவ்வளவு இருந்தாலும் இந்த நேரத்தைக் குறைக்க முடியாது. குரலைத் தானாக எழுத்தாக்கும் வசதியைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். காற்றுச் சத்தத்திலும் கடற்கரைப் பேச்சிலும் அது தந்ததைத் திருத்துவதற்குள் கையாலேயே எழுதியிருக்கலாம் என்றாகிவிட்டது. நீங்களும் உங்கள் முதல் ஒலிப்பதிவில் பத்து நிமிடத்தை மட்டும் எழுதிப் பார்த்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அதை ஆறால் பெருக்கினால் ஒரு மணிப் பதிவுக்கான கணக்கு கிடைத்துவிடும்.

பேட்டிக்குப் போனவரே அந்தப் பகுதியை எழுத வேண்டும்

மணிக்கணக்கு நேரானால் மட்டும் போதாது. வேலையை எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். தேடல், வரைவு, திருத்தம் என்று குறுக்காக வெட்டாமல், பகுதி பகுதியாக நீளவாக்கில் வெட்டச் சொல்வேன். ஒரு பகுதிக்குப் பொறுப்பானவர் அதற்கான பேட்டிக்குப் போவார், கேட்டெழுதுவார், வரைவும் அவரே எழுதுவார். திருத்தம் மட்டும் வேறொருவர் கையில்.

இதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு ஒரு குழுவில், பேட்டிக்குப் போகாத மாணவர் ஒருவர் கேட்டெழுதிய தாளை வைத்து வரைவு எழுதினார். பேட்டி கொடுத்த பெரியவர் சொன்னது, "அதுக்கப்புறம் ரயில் வரவே இல்ல." மாணவர் எழுதினார்: "புயலுக்குப் பின் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடவில்லை." ஆனால் 1914-ல் திறந்த அந்தப் பாலத்தைப் புயலுக்குப் பிறகு இ. ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர்கள் 46 நாளில் சீர்செய்தார்கள். ராமேஸ்வரத்துக்கு ரயில் மறுபடி வந்தது. அப்படியானால் பெரியவர் தப்பாகச் சொன்னாரா? இல்லை. அவர் பேசியது தனுஷ்கோடிக்குப் போன ரயில் பாதையைப் பற்றி. அந்தப் பாதை அதன் பிறகு திரும்பவேயில்லை. பேச்சின்போது அவர் கை கிழக்கே நீண்டதை எதிரே உட்கார்ந்திருந்தவர் பார்த்திருந்தார். கேட்டெழுதிய தாளில் அந்தக் கை வராது.

ஆகவே ஐந்து பகுதிகளும் இப்படிப் பிரிந்தன. புயலுக்கு முந்தைய தனுஷ்கோடி, அதாவது இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் போன துறைமுக ஊர், கீழக்கரைக்கு. டிசம்பர் 22 இரவு பாம்பனுக்கு. மீட்பும் முகாம்களும் தங்கச்சிமடத்துக்கு. பாலமும் ரயிலும் மண்டபத்துக்கு. ஊரைவிட்டு வந்தவர்கள் பின்னால் எங்கே குடியேறினார்கள் என்பது தேவிபட்டினத்துக்கு.

எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை கொடுக்கவில்லை. கீழக்கரை மாணவன் மாலையில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான், பேட்டிக்கு வெளியூர் போக முடியாது. அவனுக்குச் செய்தித்தாள் வேலையில் 16 மணி, தன் பகுதி வரைவு 6, இன்னொருவர் பகுதியின் தகவல் சரிபார்ப்பு 4, படமும் அடிக்குறிப்பும் 4 என்று 30 மணி வந்தது. பாம்பன் மாணவிக்கு இரண்டு பேட்டி 8, ஒரு கேட்டெழுத்து 6, இன்னொன்றைச் சரிபார்த்தது 2, வரைவு 6, தகவல் சரிபார்ப்பு 4, அனுமதிக் கடிதமும் அச்சும் 4. அவளுக்கும் 30. வேலை வேறு, எடை ஒன்று. இரண்டு பேருமே தேடினார்கள், எழுதினார்கள், அடுத்தவர் எழுத்தைச் சோதித்தார்கள்.

ஒரே ஒரு வேலையை மட்டும் ஐந்தாகப் பிரிக்க வேண்டாம். அது கடைசி மொழித் திருத்தம். ஐந்து பேர் எழுதிய ஐந்து நடையை ஒருவர்தான் முதலிலிருந்து கடைசிவரை படித்துச் சமன் செய்ய முடியும். இந்தக் குழுவில் அந்த 12 மணியும் மண்டபத்துக்குப் போனது. பதிலுக்கு அவருடைய பேட்டி, செய்தித்தாள் வேலை குறைந்தது.

வேலை நோட்டு

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். பகிர்ந்த கோப்பாக இருந்தாலும் சரி, ஆனால் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். வேலை செய்த அன்றே, தூங்கப் போகும் முன், செய்தவரே எழுத வேண்டும். ஒரு பதிவில் ஐந்து விஷயம்: தேதி, யார், என்ன செய்தார், அதன் விளைவாகக் கையில் என்ன இருக்கிறது, எவ்வளவு நேரம்.

இதில் நான்காவதுதான் உயிர். "புயல் பற்றித் தேடினேன், 3 மணி" என்ற பதிவால் பயனில்லை. அதையே எப்படி எழுத வேண்டும் என்று பாருங்கள்:

நவ. 16, பாம்பன். திருமதி அ. அவர்களைப் பேட்டி கண்டேன், உடன் தங்கச்சிமடம். கையில் இருப்பது: `pamban-01.m4a`, 58 நிமிடம், அனுமதிக் கடிதம் கையெழுத்தோடு. 4 மணி.

நவ. 18, தங்கச்சிமடம். மேற்படிப் பதிவில் முதல் 30 நிமிடம் கேட்டெழுதினேன். கையில் இருப்பது: நோட்டுத்தாள் 1 முதல் 9 வரை. 12-வது நிமிடத்தில் ஒரு சொல் புரியவில்லை. 3 மணி.

நவ. 21, கீழக்கரை. 1964 டிசம்பர் 23 முதல் 31 வரை நாளிதழ் பார்த்தேன். கையில் இருப்பது: 14 படங்கள், குறிப்பு 2 பக்கம். 23-ம் தேதி இதழில் ஒன்றும் கிடைக்கவில்லை. 5 மணி.

கடைசிப் பதிவின் கடைசி வரியைக் கவனியுங்கள். கிடைக்கவில்லை என்பதும் வேலைதான். புயலில் தந்தியும் ரயிலும் அறுந்த ராமேஸ்வரம் தீவிலிருந்து சேதி வெளியே போவதற்கே நேரம் எடுத்தது. ஆகவே முதல் நாள் இதழில் இல்லாதது இயல்பு. அதை எழுதி வைக்காவிட்டால் இன்னொருவர் அதே இதழை மறுபடி தேடி ஒரு மாலையை இழப்பார். வரலாற்று வேலையில் வெறுங்கையோடு திரும்பிய நாள்கள் நிறைய உண்டு. அந்த நாள்களுக்கும் நோட்டில் இடம் வேண்டும்.

ஆள் பிடித்துக் கொடுப்பதையும் எழுதுங்கள். திருமதி அ. யாரிடமும் அந்த இரவைப் பற்றிப் பேசாதவர். பாம்பன் மாணவியின் பாட்டி கூட வந்து, "நம்ம புள்ளதான், சொல்லு ஆத்தா" என்ற பிறகுதான் வாய் திறந்தார். அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாணவி வெறுமனே போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். அது பேட்டிக் கணக்கில் வராது. ஆனால் அது இல்லாமல் பேட்டியே இல்லை. அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கே இப்போது எழுபது தாண்டிவிட்டது. இப்படிப்பட்ட அறிமுகங்கள் அரிதாகிக்கொண்டே போகின்றன. முடிந்தால் திட்டமிட்ட மணிக்கணக்கிலேயே இதற்கும் ஒதுக்கீடு செய்யுங்கள். நாங்கள் செய்யத் தவறினோம். பின்னால் அவளுடைய அச்சு வேலையைத் தேவிபட்டினம் எடுத்துக்கொண்டு ஈடுகட்டினார்.

கூகுள் டாக்ஸ் போன்ற பகிர்ந்த கோப்பில் எழுதுகிறவர்கள், "நோட்டு எதற்கு, `Version history` எல்லாம் காட்டுமே" என்பார்கள். யார் தட்டச்சு செய்தார் என்பதை அது காட்டும். கீழக்கரை கையால் எழுதிய வரைவை மண்டபம் தட்டச்சு செய்து கொடுத்தால், கோப்பின் வரலாற்றில் முழுதும் மண்டபம்தான் இருப்பார். கடையில் நின்றபடி போனில் வாய்மொழியாகச் சொன்னவர் அதில் இல்லை. அது துணைச் சான்று, அவ்வளவே.

முடிவுகளுக்குத் தனிப் பக்கம்

நோட்டின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு பதிவு தொடங்க வேண்டும். எதை எடுத்தோம், எதை விட்டோம், யார் சொல்லி, ஏன் என்பது அதில் வரும். வேலைப் பதிவைவிட இதுதான் சண்டையைத் தடுக்கிறது என்பது என் அனுபவம்.

புயல் இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் இறந்தவர்கள் எத்தனை பேர்? 115 என்று ஒரு எண்ணிக்கை பரவலாக இருக்கிறது. 200 வரை சொல்கிறவர்களும் உண்டு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் கணக்கில் வரவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். பாம்பன் தன் வரைவில் இரண்டையும் வைத்து, காரணத்தையும் எழுதியிருந்தாள். தகவல் சரிபார்த்த தேவிபட்டினம் 115-ஐ மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்துவிட்டார். இரண்டு எண் இருந்தால் குழப்பம் என்பது அவர் எண்ணம். அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் பாம்பன் பார்த்தாள். "என் பகுதியில் கை வைத்தது யார்?" என்று ஆரம்பித்தது.

பேசித் தீர்த்த பிறகு பின்பக்கத்தில் இப்படி எழுதினார்கள்: "ரயிலில் இறந்தோர்: இரு எண்ணிக்கையும் வரும், வேறுபாட்டின் காரணம் உரையிலேயே வரும். கண்டுபிடித்தவர் பாம்பன். ஒற்றை எண் போதும் என்ற கருத்து தேவிபட்டினம். ஐவரும் கூடி முடிவு, டிச. 3." நான்கு வரிதான். ஆனால் வாய்மொழித் தேர்வில் "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி வந்தபோது ஐந்து பேருமே பதில் சொன்னார்கள்.

திருத்துபவரின் எல்லை

திருத்துபவருக்கு எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். எழுத்துப்பிழை, வாக்கிய நீளம், பத்திகளின் வரிசை, திரும்பத் திரும்ப வருவது: இவற்றை அவரே மாற்றலாம். எண், தேதி, பெயர், காரணம்: இவற்றில் கை வைக்காமல் பக்கத்தில் கேள்வியாகக் குறிக்க வேண்டும். கோப்பில் `Suggesting` முறையில் திருத்தினால் எழுதியவர் பார்த்து ஏற்கலாம், மறுக்கலாம்.

சாட்சி சொன்ன வார்த்தையை யாரும் தொடக்கூடாது. "வாட முறுக்கிக்கிட்டு வந்துச்சு" என்று திருமதி அ. சொன்னதை மண்டபம் "பலத்த காற்று வீசியது" என்று ஆக்கியிருந்தார். நடை அழகாகிவிட்டது, சான்று போய்விட்டது. வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் காற்று. நம் தீவில் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். எந்தக் காற்று என்று சொன்னால் எந்தக் கடல் எந்தப் பக்கம் கொந்தளித்தது என்று கேட்க வழி இருக்கிறது. "பலத்த காற்று" என்ற பிறகு கேட்க ஒன்றுமில்லை. "வத்தை" என்பதைப் "படகு" என்று மாற்றுவதும் இப்படித்தான். வத்தை, வல்லம், விசைப்படகு மூன்றும் ஒன்றல்ல. பேச்சை அப்படியே மேற்கோளில் விட்டு, வெளியூர் வாசகருக்குப் பொருள் வேண்டுமானால் அடிக்குறிப்பில் சொல்லுங்கள்.

நல்ல திருத்துபவர் 12 மணி உழைத்தாலும் தன் கை எங்கும் தெரியாமல் செய்வார். அதனால் அவருடைய நோட்டுப் பதிவு மற்றவர்களுடையதைவிட விரிவாக இருக்க வேண்டும். "பகுதி 2: பத்தி 4-ஐ முன்னால் கொண்டுவந்தேன், 11 வாக்கியம் சுருக்கினேன், 3 கேள்வி குறித்தேன்" என்கிற அளவுக்கு.

மூன்றாம் வாரம் ஒரு கூட்டம்

நோட்டைக் கூட்டிப் பார்க்க மூன்றாம் வாரம் சரியான நேரம். எட்டு வார வேலையில் அதற்குள் பத்து, பன்னிரண்டு மணியாவது எல்லோருக்கும் ஏறியிருக்க வேண்டும். ஒருவருக்கு 19, இன்னொருவருக்கு 4 என்றிருந்தால் அன்றே வேலையை மாற்றிக் கொடுக்கலாம். கடைசி வாரத்தில் தெரிந்தால் கோபப்படத்தான் முடியும்.

நோட்டு உண்மையானதா என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. பத்து நாள் பதிவும் ஒரே பேனாவில், ஒரே கைச்சாய்வில், எல்லாம் முழு மணியாக இருந்தால் அது ஒரே இரவில் எழுதியது. ஐந்து பேருக்கும் துல்லியமாக ஒரே மொத்தம் வந்தாலும் சந்தேகப்படுவேன். திட்டத்தில் 30 வரலாம். வேலை முடிந்த பிறகு யாருக்காவது 26, யாருக்காவது 35 என்றுதான் வரும். இந்தக் குழுவில் தேவிபட்டினத்துக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் போனது. அவருடைய கேட்டெழுத்தில் பாதியைத் தங்கச்சிமடம் முடித்தாள். "நிமிடம் 31 முதல் 60 வரை என் கைக்கு மாறியது" என்று அன்றே எழுதினாள். ஒருவர் வேலை இன்னொருவருக்கு மாறும்போது மாறிய இடத்தைக் குறித்துவிட்டால் இருவர் பங்கும் காப்பாற்றப்படும்.

பங்குக் குறிப்பு

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பங்குக் குறிப்பு வர வேண்டும். அறிவியல் இதழ்களில் இதற்கு கிரெடிட் என்ற பட்டியல் வழக்கத்தில் இருக்கிறது. 14 வகைப் பங்குகள் உண்டு. முதல் வரைவு எழுதுவது ஒன்று, படித்துத் திருத்துவது தனியாக இன்னொன்று. இந்தப் பிரிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கேட்டெழுதுவதற்கு அதில் தனி இடம் இல்லை, சாட்சியை அறிமுகப்படுத்துவதற்கும் இல்லை. வாய்மொழி வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குறிப்பில் மணிக்கணக்கை அச்சிட வேண்டாம் என்பது என் கருத்து. அது ஆசிரியருக்கும் குழுவுக்கும். நோட்டில் இருந்தால் போதும். குறிப்பில் செயலும் பொருளும் வரட்டும். "நன்கு ஒத்துழைத்தார்", "பெரிதும் உதவினார்" போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள். அவை யாருக்கும் பொருந்தும். இந்தக் குழுவின் குறிப்பில் இரண்டு பேருடையது இப்படி இருந்தது:

"பாம்பன்: பகுதி 2-இன் வரைவு. பேட்டி 1, 3. பேட்டி 1-இன் சாட்சி அறிமுகம். பேட்டி 3-ஐக் கேட்டெழுதியது, பேட்டி 2-இன் கேட்டெழுத்தைச் சரிபார்த்தது. பகுதி 4-இன் தகவல் சரிபார்ப்பு. அனுமதிக் கடிதங்கள்.

தங்கச்சிமடம்: பகுதி 3-இன் வரைவு. பேட்டி 1, 2, 4. பேட்டி 1 முழுவதும், பேட்டி 4-இல் 31-ம் நிமிடம் முதலும் கேட்டெழுதியது."

பெயர்களை அகர வரிசையில் போட்டு, "பெயர் வரிசை அகர வரிசை" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் முன்னால் யார் என்ற பேச்சே எழாது. ஒருவர் உண்மையிலேயே குறைவாகச் செய்திருந்தால் அவர் வரி குட்டையாக இருக்கட்டும். மற்றவர்கள் இரக்கப்பட்டு நீட்ட வேண்டாம். செய்யாத பேட்டியைச் செய்ததாக எழுதினால், பிற்பாடு அந்தப் பேட்டி பற்றிக் கேட்க வருகிறவர் தவறான ஆளிடம் போய் நிற்பார்.

குறிப்பை ஒருவர் எழுதி, அச்சுக்கு மூன்று நாள் முன்பே மற்ற நால்வருக்கும் காட்ட வேண்டும். ஒவ்வொருவரும் தன் வரியை நோட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒலிப்பதிவுகள் யாரிடம் இருக்கின்றன, இரண்டாவது பிரதி எங்கே என்பதும் அதே பக்கத்தில் வரட்டும். அறிக்கையின் ஒரு பிரதியைச் சாட்சிகளின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு யாருக்கு என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். இந்தக் குழுவில் அது பாம்பனுக்கு. திருமதி அ. வாங்கிப் புரட்டினார். தனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லி, தன் பேச்சு வருகிற பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டச் சொன்னார். வாடை என்ற சொல் வந்த இடத்தில், "ஆமா, வாடதான்" என்றார். அன்று இரவு நோட்டில் கடைசிப் பதிவு ஏறியது: "பிரதி கொடுத்தேன். மேற்கோளைச் சாட்சியே கேட்டு உறுதி செய்தார். 2 மணி."